ஒரே வாக்குறுதி, மூன்று தொகைகள்: ஓய்வூதியக் கடப்பாட்டுக்கு எந்த அனுமானங்களை ஏற்பது?

மண்டபத்திலிருந்து தொண்டி வரையுள்ள கடற்கரையில் மீனும் இறாலும் நண்டும் பதப்படுத்தி அனுப்பும் நிறுவனங்களில் பணியாளர்களுக்கு வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கிடைப்பதே வழக்கம். நிறுவனமே தன் பொறுப்பில் மாத ஓய்வூதியம் தருவது அரிது. அப்படி ஒரு வாக்குறுதியைத் தந்துவிட்ட பழைய குடும்ப நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நிரந்தரப் பணியாளர் 40 பேர். ஓய்வு பெற்றவர்கள் 30 பேர். மார்ச் 31 அன்றைய இருப்புநிலைக் குறிப்பில் இந்த 70 பேருக்குமான கடப்பாட்டை எவ்வளவு என்று காட்டுவது என்பதுதான் இயக்குநர்கள் முன்னுள்ள கேள்வி. அவர்களிடம் மூன்று தொகைகள் உள்ளன: 5.98 கோடி, 6.36 கோடி, 9.25 கோடி. ஆட்களும் ஓய்வூதிய விதியும் மூன்றிலும் ஒன்றே. வேறுபடுபவை அனுமானங்கள் மட்டுமே. இவற்றுள் எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

கணக்கு எப்படி உருவாகிறது என்பதை ஒரே ஒரு பணியாளரை வைத்துப் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகும். ஐஸ் பிளாண்டில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவருக்கு வயது 45, பணிக்காலம் 20 ஆண்டு, மாதச் சம்பளம் 30,000 ரூபாய். கடைசியாகப் பெறும் சம்பளத்தில், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அறுபதில் ஒரு பங்கு மாத ஓய்வூதியமாகக் கிடைக்கும் என்பது நிறுவனத்தின் விதி. இந்தியாவில் ஏஎஸ் 15, இண்ட் ஏஎஸ் 19 ஆகிய இரண்டு கணக்கியல் தரங்களும் இதற்குப் 'புரொஜெக்டட் யூனிட் கிரெடிட்' என்ற ஒரே முறையைத்தான் கேட்கின்றன. இதுவரை உழைத்த 20 ஆண்டுகளுக்கு உரிய பங்கை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பங்கை இன்றைய சம்பளத்தின் மீது கணக்கிடாமல் 60 வயதில் அவர் வாங்கப்போகும் சம்பளத்தின் மீது கணக்கிட வேண்டும். பிறகு அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

சம்பளம் ஆண்டுக்கு 6 சதவீதம் உயரும் என்று கொண்டால் 15 ஆண்டு கழித்து அது ஏறத்தாழ 71,900 ரூபாயாக இருக்கும். அதில் அறுபதில் இருபது பங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு, மாதம் சுமார் 23,970 ரூபாய், ஆண்டுக்கு 2.88 லட்சம். 60 வயதுக்குப் பின் 20 ஆண்டு அவர் இந்தத் தொகையைப் பெறுவார் என்றும், வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கப் பயன்படும் ஆண்டு வட்டியான தள்ளுபடி விகிதம் 7 சதவீதம் என்றும் வைத்தால், 60 வயதில் இருக்க வேண்டிய தொகை சுமார் 30.5 லட்சம். அதை மேலும் 15 ஆண்டு பின்னோக்கிக் கொண்டுவந்தால் இன்றைய கடப்பாடு 11.04 லட்சம் ஆகிறது. ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர் இதோடு இறப்பு, விலகல், குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றின் நிகழ்தகவுகளையும் ஆண்டுவாரியாகச் சேர்ப்பார். தடம் தெளிவாகத் தெரியட்டும் என்பதற்காக அவற்றை இங்கே விட்டிருக்கிறேன்.

இந்த 11.04 லட்சத்தை அசைக்கும் முதல் அனுமானம் தள்ளுபடி விகிதம். மற்றவை அப்படியே இருக்க, விகிதத்தை 6 ஆகக் குறைத்தால் கடப்பாடு 13.76 லட்சமாகிறது, 8 ஆக உயர்த்தினால் 8.90 லட்சமாகச் சுருங்குகிறது. ஒரு சதவீத இறக்கத்துக்கு ஏறத்தாழ கால் பங்கு ஏற்றம். அதே நிறுவனத்தில் ஆண்டுக்கு 1.20 லட்சம் ஓய்வூதியம் வாங்கும் 70 வயது முதியவர் ஒருவர் இன்னும் 10 ஆண்டு பெறுவார் என்று கொண்டால், 7 சதவீதத்தில் அவருக்கான கடப்பாடு 8.43 லட்சம், 6 சதவீதத்தில் 8.83 லட்சம். ஐந்து சதவீத மாற்றம்கூட இல்லை. பணம் கையை விட்டுப் போகும் காலம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு கூர்மையாக இந்த விகிதம் வெட்டும். ஓய்வூதியத் திட்டத்தில் இளையவர்கள் அதிகமா முதியவர்கள் அதிகமா என்று தெரியாமல் 'ஒரு சதவீதம்தானே' என்று சொல்லக் கூடாது.

நம் நிறுவனத்தில் 40 பேரும் அந்த மேற்பார்வையாளரைப் போன்றவர்கள், 30 பேரும் அந்த முதியவரைப் போன்றவர்கள் என்று வைத்துக்கொண்டால், 7 சதவீதத்தில் மொத்தக் கடப்பாடு 6.95 கோடி. 6 சதவீதத்தில் 8.16 கோடி, 8 சதவீதத்தில் 5.98 கோடி. இயக்குநர்கள் முன்னுள்ள முதல் தொகை இந்தக் கடைசி எண்தான். சில ஆண்டுகளுக்கு முன் பத்திர வட்டி உயர்ந்திருந்தபோது 8 சதவீதம் வைத்துச் செய்த மதிப்பீட்டை, சம்பள உயர்வு 6 சதவீதம் என்பதோடு சேர்த்து, அப்படியே தொடர்ந்து வந்திருக்கிறார்கள். 'போன முறை ஏற்றதைத்தானே இந்த முறையும் ஏற்கிறோம், சீராக இருப்பது நல்லதுதானே' என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும் இந்த வழி முதலிலேயே விழுந்துவிடுகிறது. சீராக இருக்க வேண்டியது விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் முறைதான். விகிதமே மாறாமல் இருக்க வேண்டும் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை.

தள்ளுபடி விகிதம் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. இருப்புநிலைக் குறிப்பின் தேதியில் அரசுக் கடன் பத்திரங்கள் சந்தையில் என்ன வருவாய் தருகின்றனவோ அதையே எடுக்க வேண்டும் என்று ஏஎஸ் 15 கூறுகிறது. இண்ட் ஏஎஸ் 19 இந்திய நிறுவனங்களுக்கு அதையே கூறுகிறது. பன்னாட்டுத் தரமான ஐஏஎஸ் 19 உயர்தரத் தனியார் நிறுவனப் பத்திரங்களிலிருந்து தொடங்குவதால், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் எண்ணோடு நம் எண்ணை நேரடியாக ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் வருவாய் 2023 மார்ச் முடிவில் 7.3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2025 மார்ச் முடிவில் 6.6 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. நம் நிறுவனத்தைப் போன்ற ஒன்றுக்கு இந்த 0.7 சதவீத இறக்கம் மட்டுமே கடப்பாட்டைப் பத்து, பதினொரு சதவீதம் உயர்த்தப் போதும். அந்த இரண்டு ஆண்டுகளில் பழைய விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர் கணக்கில் அது தெரியாமல் போயிருக்கும்.

விகிதத்தோடு பத்திரத்தின் காலமும் பொருந்த வேண்டும். செய்தித்தாளில் அடிபடுவது 10 ஆண்டுப் பத்திரம் என்பதால் அதையே எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. மேலே கண்ட 5.98, 6.95, 8.16 ஆகிய மூன்று எண்களைக் கொண்டே நம் கடப்பாட்டின் சராசரிக் காலம் சுமார் 15, 16 ஆண்டு என்று கணித்துவிடலாம்: இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசமான 2.18 கோடியை, நடு எண்ணின் இரண்டு சதவீதத்தால் வகுத்தால் போதும். ஆகவே 15 ஆண்டுப் பத்திரத்தின் வருவாயே இங்கு பொருந்தும். அது 7 சதவீதம் என்று இந்த எடுத்துக்காட்டில் கொள்கிறேன்.

தள்ளுபடி விகிதம் சந்தையால் கட்டப்பட்டுவிட்டதால், நிறுவனத்தின் கை விளையாடும் இடம் மற்ற அனுமானங்கள்தான். இரண்டாவது தொகையான 6.36 கோடி அங்கிருந்துதான் வருகிறது. விகிதத்தை முறைப்படி 7 ஆக்கிவிட்டு, சம்பள உயர்வை 6 லிருந்து 5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். மேற்பார்வையாளருக்கான கடப்பாடு 11.04 லட்சத்திலிருந்து 9.58 லட்சமாகக் குறைகிறது. சம்பள உயர்வை 7 ஆக வைத்திருந்தால் அது 12.71 லட்சமாக இருந்திருக்கும்.

இந்த 12.71 லட்சத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. சம்பள உயர்வும் தள்ளுபடி விகிதமும் ஒன்றாக இருக்கும்போது, முன்னோக்கிப் பெருக்கியதும் பின்னோக்கி வகுத்ததும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இன்றைய சம்பளத்தில் இதுவரை ஈட்டிய ஓய்வூதியமான ஆண்டுக்கு 1.20 லட்சத்தை, 20 ஆண்டு வழங்குவதற்கான காரணியான 10.59 ஆல் பெருக்கினால் அதே விடை கிடைக்கிறது. எனவே ஓய்வு வரையிலான காலத்தைப் பொறுத்தவரை, இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியே கடப்பாட்டைத் தீர்மானிக்கிறது. ஒரு நிறுவனத்தின் குறிப்பைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். இரண்டு சதவீத இடைவெளி இருந்தால், சம்பளம் பத்திர வட்டியை விட அவ்வளவு மெதுவாக உயரும் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்க வேண்டும்.

சான்று நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் கடந்த எட்டு, பத்து ஆண்டுச் சம்பளத்தை ஆள்வாரியாக எடுத்து, பதவி உயர்வையும் சேர்த்து ஆண்டு வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும். மொத்தச் சம்பளச் செலவின் வளர்ச்சியைப் பயன்படுத்தக் கூடாது. மூத்தவர் ஓய்வு பெற்று இளையவர் சேரும்போது மொத்தச் செலவு குறையும், ஆனால் யாருடைய சம்பளமும் குறைந்திருக்காது. பணிக்கொடையில் இந்த அனுமானத்தின் கடுமை சற்றுத் தணியும், ஏனென்றால் சட்டப்படியான உச்சவரம்பு 2018 முதல் 20 லட்சமாக உள்ளது. பெரிய சம்பளங்கள் அந்த வரம்பில் முட்டி நின்றுவிடும். நம் ஓய்வூதியத்தில் அப்படி ஒரு வரம்பு இல்லை.

இனி வருவதுதான் மூன்று தொகைகளுக்கும் இடையிலான பெரிய பிளவு. நம் நிறுவனத்தின் ஓய்வூதிய விதியில், ஓய்வு பெற்ற பின் ஓய்வூதியம் உயரும் என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் விலைவாசியைப் பார்த்து இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நிர்வாகம் அதை உயர்த்திவந்திருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 3 சதவீதம். முதல் இரு தொகைகளிலும் இது சுழியம் என்று வைக்கப்பட்டிருக்கிறது. 3 சதவீதம் சேர்த்தால், சம்பள உயர்வு 6, தள்ளுபடி 7 என்ற நிலையிலேயே, மேற்பார்வையாளருக்கான கடப்பாடு 11.04 லட்சத்திலிருந்து 13.90 லட்சமாகிறது. தள்ளுபடி விகிதத்தை ஒரு முழு சதவீதம் குறைத்ததற்கு நிகரான விளைவு இது. முதியவருக்கானது 8.43 லட்சத்திலிருந்து 9.50 லட்சமாகிறது, தள்ளுபடி விகிதத்தால் பெரிதும் அசையாத அவரது எண்கூட இங்கே அசைகிறது.

எழுதாத உயர்வை எப்படிக் கடப்பாடு என்பது என்று இயக்குநர்கள் கேட்பார்கள், அது நேர்மையான கேள்விதான். இரு தரங்களும் இதற்கு விடை தருகின்றன: எழுத்தில் உள்ள விதிகளால் மட்டுமன்றி, நிறுவனத்தின் நடைமுறையாலும் கடப்பாடு உருவாகும், அந்த நடைமுறையைக் கைவிட்டால் பணியாளர்களோடான உறவு தாங்க முடியாத அளவு கெடும், வேறு வழியின்றி அதைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தால், அது கணக்கில் வர வேண்டும். கீழக்கரையிலோ பாம்பனிலோ ஓய்வு பெற்றவரின் மகனும் மருமகளும் அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஊர்களில், இத்தனை ஆண்டு உயர்த்திய ஓய்வூதியத்தை இனி உயர்த்த மாட்டோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டு இயல்பாகத் தொழில் நடத்த முடியுமா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வதுதான் சோதனை. முடியும், அதற்கான முடிவை எழுத்தில் எடுத்துப் பணியாளர்களுக்கும் அறிவிக்கிறோம் என்றால் சுழியம் வைக்கலாம். அறிவிக்க மனமில்லை என்றால் சுழியம் வைக்க முடியாது. நேரில் ஒன்றும் கணக்கில் ஒன்றுமாக இருப்பதற்கு இங்கே இடமில்லை.

மூன்றாவது தொகை இந்த விடையை ஏற்றுக்கொண்டு எழுந்தது: தள்ளுபடி விகிதம் 7, சம்பளப் பட்டியல் காட்டும்படி சம்பள உயர்வு 7, ஓய்வூதிய உயர்வு 3. மேற்பார்வையாளருக்கு 16 லட்சம், முதியவருக்கு 9.50 லட்சம், மொத்தம் 9.25 கோடி.

விலகல் விகிதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் இந்தக் கடற்கரையில் அது தவறாகப் போவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. பதப்படுத்தும் கூடங்களில் பருவத்துக்கு வரும் தொழிலாளர்கள் பலர் அந்த மாதங்களில் பட்டியலிலிருந்து நீங்கி, தடை முடிந்ததும் புதிய எண்ணில் சேர்வார்கள். அந்தப் பட்டியலை அப்படியே ஆக்சுவரியிடம் கொடுத்தால் விலகல் ஆண்டுக்கு 12 சதவீதம் என்பது போன்ற ஓர் எண் வந்துவிடும். இடையில் விலகினால் ஓய்வூதியம் இல்லை என்பது நம் நிறுவனத்தின் விதியானால், 12 சதவீத விலகலில் 45 வயதுக்காரர் 60 வரை நீடிக்கும் வாய்ப்பு 15 சதவீதத்துக்கும் குறைவு; 1 சதவீத விலகலில் அது 86 சதவீதம். ஓய்வூதியத்துக்கு உரிமையே இல்லாத பருவத் தொழிலாளர்களின் போக்குவரத்து, உரிமையுள்ள 40 பேரின் கடப்பாட்டைக் காணாமல் அடித்துவிடும். நிரந்தரப் பட்டியலை மட்டும் பிரித்துக் கொடுக்கப்பட்டதா என்று பார்ப்பது இயக்குநர்களின் வேலை. ஆக்சுவரி தமக்குத் தரப்பட்ட தரவைக் கொண்டுதான் கணிப்பார்.

இறப்பு அட்டவணையில் விருப்பத்துக்கு அதிக இடமில்லை. எழுபது பேரின் அனுபவத்திலிருந்து இறப்பு விகிதம் காண முடியாது. வெளியிடப்பட்ட அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும். பணியில் இருப்பவர்களுக்கு 2012-14 காப்பீட்டு உயிர்கள் அட்டவணை பழக்கத்தில் உள்ளது. ஓய்வு பெற்றவர்களுக்கும் அதையே நீட்டிவிடாமல், ஆண்டுத்தொகை பெறுவோருக்கென அமைந்த 2012-15 அட்டவணையைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் 80 வயதுக்குப் பதில் 83 வரை வாழ்வார் என்றால் கடப்பாடு 6.4 சதவீதம் உயரும். கவனிக்க வேண்டிய அளவுதான், ஆனால் மேலே கண்டவற்றோடு ஒப்பிட்டால் சிறியது.

ஆக, ஒப்பீடு இப்படி நிற்கிறது. 5.98 கோடி, மார்ச் 31 அன்றைய பத்திர வருவாயைப் பயன்படுத்தாததால் தரத்துக்கே மாறானது. 6.36 கோடி விகிதத்தில் சரியாக இருந்தாலும், சம்பளப் பட்டியலையும் ஓய்வூதிய உயர்வு வழக்கத்தையும் புறக்கணிக்கிறது. 9.25 கோடியை ஏற்க வேண்டும் என்பதே என் முடிவு. ஏனென்றால் அதன் ஒவ்வோர் அனுமானத்துக்கும் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது.

அதை ஏற்பதன் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. இதுவரை காட்டியதை விட 3.27 கோடி அதிகம். பட்டியலிடப்படாத, நிகர மதிப்பு 250 கோடிக்குக் குறைந்த நிறுவனங்கள் பெரும்பாலும் ஏஎஸ் 15 இன் கீழ் வருகின்றன. அங்கே அனுமான மாற்றத்தால் வரும் இழப்பு முழுவதும் அதே ஆண்டின் லாப நட்டக் கணக்கில் விழும். இண்ட் ஏஎஸ் 19 இல் அது லாபத்தைத் தொடாமல் இதர விரிவான வருமானத்தில் சேரும். ஆனால் நிகர மதிப்பு இரண்டிலும் ஒரே அளவு குறையும், ஏற்றுமதிக் கடன் தரும் வங்கி பார்ப்பதும் அதைத்தான். ஓய்வூதிய உயர்வு வழக்கம் முன்பே இருந்தும் விடுபட்டது என்றால், அந்தப் பகுதி அனுமான மாற்றமா, முந்தைய ஆண்டின் பிழையா என்றும் ஆடிட்டர் கேட்பார். அதற்கான விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது நல்லது.

சுமையைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாமா என்ற யோசனையும் வரும். 2021 இல் வங்கி ஊழியர்களின் குடும்ப ஓய்வூதியம் உயர்த்தப்பட்டபோது, அந்தக் கூடுதல் கடப்பாட்டை ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல் பிரித்துக் கணக்கில் எடுக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது உண்மை. அது கண்காணிப்பு அமைப்பு வங்கிகளுக்குத் தந்த தனிச் சலுகை. மீன் ஏற்றுமதி நிறுவனம் அதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது.

6.36 கோடியை ஏற்றுக்கொண்டால் இந்த வலி நீங்கிவிடுமா என்றால், தவணை முறையில் வந்துகொண்டிருக்கும். சம்பளம் 5 சதவீதம் உயரும் என்று சொல்லிவிட்டு உண்மையில் 7.5 சதவீதம் கொடுத்தால், 31,500 ஆக இருக்க வேண்டிய சம்பளம் 32,250 ஆகிறது. பணியில் இருப்பவர்களுக்கான கடப்பாடு அதே விகிதத்தில், அதாவது 2.4 சதவீதம், ஏறத்தாழ 10 லட்சம், எதிர்பாராத இழப்பாக அந்த ஆண்டே வெளிப்படும். இண்ட் ஏஎஸ் 19 இன்படி எழுதப்படும் குறிப்பில் ஆக்சுவரி இழப்பு மூன்றாகப் பிரித்துக் காட்டப்படும்: நிதி அனுமானங்கள் மாறியதால், இறப்பு, விலகல் போன்ற மக்கள்தொகை அனுமானங்கள் மாறியதால், அனுபவம் வேறுபட்டதால். கடைசி வரிதான் காட்டிக்கொடுக்கும் வரி. சரியான அனுமானம் உள்ள நிறுவனத்தில் அது சில ஆண்டு லாபமாகவும் சில ஆண்டு இழப்பாகவும் வந்துபோகும்; தொடர்ந்து இழப்பாகவே வந்தால் சம்பள உயர்வையோ ஓய்வூதிய உயர்வையோ குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று வெளியார் யாரும் கண்டுகொள்ளலாம். ஏஎஸ் 15 இன் கீழ் இருக்கும் நிறுவனமும் ஆக்சுவரியின் அறிக்கையில் இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கி, முந்தைய ஐந்து ஆண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்த பிறகே இந்த மார்ச் முடிவுக்கான சம்பள உயர்வு விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும்.